உல்லன் என்று கேட்டால் கடையில் கிடைப்பது என்ன?

அம்மா ஏலகிரியில் தம்பி வீட்டில் இருக்கிறார். விறகு அடுப்பு, அதே விறகில் வெந்நீர்த் தவலை. மார்கழியில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்துவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்பு நான் பின்னிக் கொடுத்த நீல ஸ்வெட்டரின் வலது கையில் ஒரு ஓட்டை. போன பொங்கலுக்குப் போனபோதுதான் பார்த்தேன். அந்த ஓட்டையின் விளிம்பைத் தொட்டதும் விரலில் குத்தியது. உருகி, இறுகி, கறுப்பு மணி மணியாக நின்றிருந்தது. “பொறி பட்டுச்சு, உடனே தட்டிட்டேன்”னு அம்மா சாதாரணமாகச் சொன்னார். கையைத் திருப்பிப் பார்த்தேன், மணிக்கட்டுக்கு மேலே மிளகு அளவுக்கு ஒரு தழும்பு.

அது நான் கடையில் “உல்லன்” என்று கேட்டு வாங்கிய நூல்.

வேலூரில் உல்லன் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துப் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். இதில் அவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. நம் ஊரில் தொட்டிலுக்குத் தொங்கவிடும் பொம்மை, வாசல் தோரணம், குழந்தைக் குல்லா எல்லாம் அந்த நூலில்தான் செய்கிறோம், அந்த நூலுக்குப் பேரே உல்லன் என்று ஆகிவிட்டது. பேர் ஆட்டு ரோமத்தினுடையது, நூல் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. குல்லாவுக்கு அதனால் கெடுதல் இல்லை. அடுப்பு முன்னால் உட்காரும் ஒருவருக்கு அது சரிப்படாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தத் தடவை பார்த்து வாங்குவது என்று லாங் பஜார் போனேன். கடைக்காரரிடம் நேராகவே கேட்டேன். “அண்ணே, இதுல நெஜமான கம்பளி எது?” அவர் மூன்று உருண்டைகளை எடுத்து வைத்தார். ஒன்றின் தாள் பட்டையில் நூறு சதவீதம் அக்ரிலிக் என்று அச்சிட்டிருந்தது, அதில் சந்தேகமில்லை. இரண்டாவதில் கம்பளிக் கலவை என்று மட்டும் இருந்தது, எவ்வளவு என்று இல்லை. “பாதிக்குப் பாதிம்மா” என்றார். மூன்றாவது பட்டையே இல்லாத சாம்பல் நிறச் சிட்டம். “இது அசல், மலைச் சரக்கு.”

மூன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், தொட்டுப் பார்த்து எதுவும் தெரியவில்லை. கம்பளி என்றால் சொரசொரப்பாகக் குத்தும், அக்ரிலிக் மெத்தென்று இருக்கும் என்பார்கள். ஆனால் மெல்லிய ரோமத்தில் வரும் மெரினோ கம்பளி குழந்தைக் கன்னம் மாதிரி இருக்கும், மட்டமான அக்ரிலிக் நன்றாகவே உறுத்தும். தேய்த்தால் மயிர் சிலிர்த்து ஒட்டுவது அக்ரிலிக் என்றும் ஒரு கணக்கு உண்டு, காற்றில் ஈரம் இருக்கும் நாளில் அது வேலை செய்யாது. அதனால் மூன்றிலும் ஒவ்வொன்று மட்டும் வாங்கினேன். பட்டை உள்ள இரண்டிலும் அதே லாட் நம்பரில் பத்து உருண்டை ஒரு வாரம் எடுத்து வைக்கச் சொன்னேன். லாட் மாறினால் சாயம் ஒரு சாயல் மாறும், முதுகுக்கும் கைக்கும் நடுவே அது கோடு போட்ட மாதிரி தெரியும்.

எரித்துப் பார்க்கச் சொன்னவர் அக்கா வீட்டுக்காரர். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருபது வருடமாக வேலை. “தோலா ரெக்சினான்னு எப்படிப் பாப்போம்? ஓரத்துல ஒரு துணுக்கு அறுத்துக் கொளுத்துவோம். முடி கருகுற வாசனை வந்தா தோல். உருகுனா ரெக்சின். உன் நூலும் அதே கதைதாம்மா, அதுவும் ஆட்டு மேல இருந்து வந்ததுதானே” என்றார்.

மாடியில் ஒரு எவர்சில்வர் தட்டு, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர், மெழுகுவத்தி, புருவம் திருத்தும் இடுக்கி. ஊதுவத்தி எரியும் இடத்தில் செய்யக் கூடாது, வாசனைதான் இதில் பாதி சாட்சி. நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, முறுக்கைப் பிரித்து, ஒவ்வொரு புரியையும் தனித்தனியாகக் காட்டினேன். சில நூலில் ஒரு புரி கம்பளியாகவும் மற்றது வேறாகவும் இருக்கலாம், சேர்த்துக் கொளுத்தினால் அது தெரியாமல் போகும்.

அக்ரிலிக் உருண்டையின் புரி தீயைத் தொடும் முன்பே சுருண்டு பின்வாங்கியது. பிறகு குபீரென்று பற்றி, தீயை விட்டு எடுத்த பின்னும் நிற்காமல் எரிந்து, சொட்டாகத் தட்டில் விழுந்தது. மூக்கைக் காந்தும் நெடி. ஆறின பிறகு அந்தச் சொட்டை நகத்தால் நசுக்கினேன், நசுங்கவில்லை. அம்மாவின் ஸ்வெட்டர் ஓட்டையில் விரலைக் குத்தியது இதேதான். உருகினது தோலில் ஒட்டிக்கொண்டுதான் எரியும், தழும்பும் அதனால் வந்ததுதான்.

சாம்பல் நிறச் சிட்டத்தையும் காட்டினேன். அதுவும் உருகியது, அதே நெடி, அதே கெட்டி மணி. அசல் என்று கொடுத்தது சுத்த அக்ரிலிக். பட்டையில்லாத நூலை இனி யார் சொன்னாலும் எரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

கலவை நூல்தான் குழப்பியது. முடி கருகும் வாசனை வந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் தீயை விட்டு எடுத்ததும் கம்பளி தானாக அணைய வேண்டும், இது அணையவில்லை. சாம்பலை நசுக்கினால் ஒரு பகுதி கரித்தூளாக உதிர்ந்தது, நடுவே சின்னச் சின்னக் கெட்டித் துணுக்குகள். கம்பளி இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு என்பதைத் தீ சொல்லாது. கம்பளி கொஞ்சமே இருந்தாலும் வாசனை தூக்கலாக வந்துவிடும்.

அளவு தெரிய வேறு வழி இருக்கிறது. வெள்ளைத் துணிக்குப் போடும் குளோரின் ப்ளீச் திரவம் கம்பளியைக் கரைக்கும், அக்ரிலிக்கை ஒன்றும் செய்யாது. கம்பளியும் நம் தலைமுடியும் ஒரே வகைப் புரதம், அந்தப் புரதத்தை ப்ளீச் அரித்துவிடுகிறது. பாட்டிலில் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருக்க வேண்டும். கலர் துணிக்கு என்று விற்கும் ப்ளீச் வேறு மருந்து, அது இதற்கு ஆகாது.

முதல் தடவை வீட்டில் கிடந்த பழைய பாட்டிலில் நூலைப் போட்டேன். ராத்திரி முழுக்க ஊறியும் சாயம் வெளுத்ததே தவிர நூல் அப்படியே இருந்தது. சரி, கம்பளியே இல்லை போல என்று முடிவு கட்டப் போனேன். ஆனால் மூக்கு பொய் சொல்லாதே. அப்புறம் சீப்பில் இருந்த என் முடியை நாலு இழை அதில் போட்டேன், அதுவும் கரையவில்லை. அப்போதுதான் புரிந்தது, கோளாறு நூலில் இல்லை, ப்ளீச்சில். திறந்து வைத்த ப்ளீச் நாள்பட வீரியம் இழந்துவிடும். புது பாட்டில் வாங்கி வந்து முதலில் முடியைப் போட்டேன். குமிழி விட்டு, கொழகொழப்பாகி, கரைந்தே போனது. இதை நீங்களும் கட்டாயம் செய்யுங்கள். முடி கரையும் ப்ளீச்தான் கம்பளியைப் பற்றிச் சாட்சி சொல்லத் தகுந்தது.

நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றைப் பக்கத்து வீட்டில் வாங்கி, கலவை நூலைச் சரியாக 2 கிராம் நிறுத்தேன். அதைத் துண்டு துண்டாக வெட்டி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, நூல் முழுக்க மூழ்கும் அளவுக்கு ப்ளீச் ஊற்றி, மூடாமல் மாடியில் வைத்தேன். கைக்கு ரப்பர் உறை. பாத்ரூம் கழுவும் ஆசிட்டோ வினிகரோ அதன் கிட்டேயே வரக் கூடாது, கலந்தால் நச்சு வாயு கிளம்பும். கொஞ்ச நேரத்தில் நூல் மஞ்சளடித்து நுரை விட்டது. மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டி, நாலைந்து தண்ணீரில் அலசி, நிழலில் இரண்டு நாள் காயவைத்தேன். மிஞ்சியது இளைத்துப்போன, வெளுத்த பஞ்சு மாதிரி இருந்தது. எடை 1.38 கிராம்.

அதாவது கரைந்துபோனது 0.62 கிராம். நூற்றுக்கு 31 பங்கு கம்பளி. பாதிக்குப் பாதி இல்லை, மூன்றில் ஒரு பங்குகூட நிறைவாக இல்லை. கம்பளி காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஒன்றிரண்டு பங்கு முன்னே பின்னே ஆகலாம், ஆனால் ஐம்பது என்று ஆகவே ஆகாது. கலவையில் நைலான் இருந்தாலும் அது கரையாமல் மிஞ்சும், ஆகவே மிஞ்சியது எல்லாம் அக்ரிலிக் என்றும் சொல்ல முடியாது. எனக்கு வேண்டியது கம்பளியின் பங்கு, அது கிடைத்துவிட்டது.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். கோபப்படவில்லை. “எனக்குக் கொடுத்தவன் சொன்னதை நான் உனக்குச் சொன்னேம்மா” என்றார், எடுத்து வைத்ததைத் திரும்ப வைத்துக்கொண்டார். சாம்பல் சிட்டத்துக்கு மட்டும் பணம் திரும்ப வாங்கினேன்.

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வேறு யாருக்காவது என்றால் அந்தக் கலவையை வாங்கியிருப்பேன். துவைக்கச் சுலபம், பூச்சி அதிகம் அரிக்காது, சுத்தக் கம்பளியைவிட வெகு மலிவு. ஆனால் அம்மாவுக்கு இரண்டு காரணம். ஒன்று தீ. இன்னொன்று பனி. ஏலகிரியில் விடியலில் வாசலுக்குப் போய் வந்தாலே தோளில் ஈரம் கோத்துவிடும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அக்ரிலிக் ஈரத்தை உள்ளே வாங்காது, அது இழைகளுக்கு நடுவே நின்று சில்லென்று மேலே படும்.

கடைசியில் ஆன்லைனில் மெரினோ என்று போட்டிருந்த 50 கிராம் உருண்டை ஒன்றே ஒன்று வரவழைத்தேன். தீயில் காட்டினதும் மெதுவாகப் பொசுங்கி, எடுத்ததும் அணைந்தது. முடி வாசனை. கறுப்புச் சாம்பல் விரலில் நசுங்கித் தூளாகியது, ஒரு துணுக்கும் உறுத்தவில்லை. புது ப்ளீச்சில் ராத்திரிக்குள் ஒரு இழைகூட மிச்சமில்லை. அதற்குப் பிறகுதான் அதே லாட்டில் பதினோரு உருண்டை கேட்டு எழுதினேன். வந்ததிலும் இரண்டில் நுனி வெட்டிக் கொளுத்திப் பார்த்தேன்.

ஸ்வெட்டர் முடிய ஏழு வாரம் ஆயிற்று. கையை முன்பைவிட இரண்டு அங்குலம் குறைத்து, முனையில் இறுக்கமாகப் பட்டை வைத்தேன், கம்பளி என்றாலும் தொங்குகிற கை அடுப்புக்கு ஆகாது. தம்பி மனைவியிடம் கொடுக்கும்போது சொன்னது ஒன்றுதான்: “வெந்நீர்லயும் மெஷின்லயும் போட்டுடாதேம்மா, சுருங்கி அட்டை மாதிரி ஆயிடும். பச்சைத் தண்ணியில அலசி, முறுக்காம, பாய் மேல பரப்பிக் காயவை.” அம்மா அதற்குள் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.