டாலரில் வந்த 24 லட்சம்: வருமான வரி, ஜி.எஸ்.டி., நான் சேர்த்து வைத்த தாள்கள்

கோவையில் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதிக் கொடுப்பவன் நான். ஒரு கிளையண்ட் அமெரிக்காவில், இன்னொருவர் ஜெர்மனியில். 2025-26 நிதியாண்டில் இருவருக்கும் போட்ட இன்வாய்ஸ்கள் ரூபாய்க் கணக்கில் 24 லட்சம். இந்தப் பணத்துக்கு வரி கட்டி, கணக்குக் காட்டி முடித்த கதையைக் கேட்டு நண்பர்கள் அடிக்கடி போன் செய்வதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

வெளிநாட்டுப் பணம்தானே, இங்கே வரி கிடையாது என்று இன்னமும் சிலர் நம்புகிறார்கள். இந்தியாவில் வசிப்பவருக்கு உலகில் எங்கிருந்து வருமானம் வந்தாலும் இங்கே வரி உண்டு. வெளிநாட்டு கிளையண்ட் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார், அதனால் நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26AS வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். அமெரிக்க கிளையண்ட் முதல் பணத்துக்கு முன்பே W-8BEN படிவம் கேட்டார். ஆள் அமெரிக்கர் அல்ல என்பதற்கான உறுதிமொழி அது. நிரப்பிக் கொடுத்தேன், வேலை நடப்பதும் இந்தியாவில் என்பதால் அங்கே எதுவும் பிடிக்கவில்லை.

வருமான வரிப் பக்கம் எளிதாக முடிந்தது. தகவல் தொழில்நுட்பம் வருமான வரிச் சட்டத்தின் 44ADA பிரிவில் வரும் தொழில். வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும், செலவுக்குத் தனிக் கணக்கு வேண்டாம். ரொக்கமாக வாங்கியது ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் 75 லட்சம் வரை இந்த வழி திறந்திருக்கிறது. எழுத்து, மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்கள் தங்கள் தொழில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. (1-4-2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறிவிட்டன. நான் சொல்வது பழைய சட்டத்தின் கடைசி ஆண்டுக் கணக்கு.)

24 லட்சத்தில் பாதி 12 லட்சம். புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி போக வரி பூஜ்யம். ஆனால் எனக்கு வங்கி வைப்பில் 20,000 ரூபாய் வட்டி வந்திருந்தது. மொத்தம் 12,20,000. வரம்பைத் தாண்டிய தொகைக்கு மேல் வரி போகாது என்ற சலுகையால் வரி 20,000, செஸ் 800. ஆக, 20,000 வட்டி வாங்கி 20,800 கட்டினேன்! வரி பத்தாயிரத்தைத் தாண்டியதால் மார்ச் 15-க்குள் முன்வரியாகவே கட்ட வேண்டியிருந்தது. 44ADA-காரர்களுக்கு அந்த ஒரே தவணைதான்.

தலைவலி எல்லாம் ஜி.எஸ்.டி.யில். சேவை ஏற்றுமதிக்கு வரி விகிதம் பூஜ்யம் என்றாலும், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அந்த 20 லட்சத்தில் ஏற்றுமதியும் சேரும். வருமான வரிக்காரர் எவ்வளவு வந்தது என்று பார்க்கிறார். ஜி.எஸ்.டி.க்காரரோ யாரிடமிருந்து, எந்த நாணயத்தில், எதற்காக வந்தது என்று பார்க்கிறார். வாங்குபவர் வெளிநாட்டில் இருக்க வேண்டும், சேவை போய்ச் சேரும் இடம் வெளிநாடாக இருக்க வேண்டும், பணம் அந்நியச் செலாவணியாக வந்திருக்க வேண்டும். இதை நிரூபிக்கும் தாள் இல்லையென்றால் 18 சதவீதம் நம் தலையில் விழலாம்.

பதிவு கிடைத்த கையோடு ஜி.எஸ்.டி. தளத்தில் எல்.யு.டி. தாக்கல் செய்தேன். வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழி அது. படிவம் RFD-11, கட்டணம் இல்லை, மார்ச் 31-உடன் காலாவதி. ஏப்ரலில் முதல் இன்வாய்ஸ் போடுவதற்கு முன்பே புதிதாகக் கொடுத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு இன்வாய்ஸிலும் இந்த வாசகம் இருக்கும்:

```
SUPPLY MEANT FOR EXPORT UNDER LETTER OF UNDERTAKING
WITHOUT PAYMENT OF INTEGRATED TAX
```

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள் இரண்டு: இன்வாய்ஸ் விவரம் GSTR-1-இல் 6A அட்டவணைக்குப் போகும், மொத்தத் தொகை GSTR-3B-இல் 3.1(b)-க்குப் போகும். வேலையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு.

இனி ஒரு இன்வாய்ஸை எடுத்துக்கொள்வோம். தொகை 1,500 டாலர். கிளையண்ட் முழுத்தொகையை அனுப்பினார், வழியில் இடைத்தரக வங்கி 25 டாலர் எடுத்துக்கொண்டது, என் வங்கிக்கு வந்தது 1,475. கணக்கு எளிதாக இருக்க டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், பாஸ்புக்கில் ஏறியது 1,25,375. ஆனால் வரவு 1,27,500, மீதி 2,125 வங்கிக் கட்டணம். வருமான வரி, ஜி.எஸ்.டி. இரண்டு ரிட்டர்னிலும் 1,27,500-தான் போக வேண்டும். வருமான வரி ரிட்டர்ன் படிவமான ITR-4-இல் ஜி.எஸ்.டி. விற்றுமுதலைக் கேட்கும் இடம் தனியாக இருக்கிறது. அங்கே ஒரு எண், வரவில் வேறு எண் என்றால் கேள்வி வரும். அந்த 25 டாலர் எங்கே போனது என்பதற்கு, அவர் வங்கி பணம் அனுப்பிய விவரத்தைக் காட்டும் ஸ்விஃப்ட் நகலை கிளையண்டிடம் கேட்டு வாங்கி, இன்வாய்ஸோடு சேர்த்து வைத்தேன்.

அடுத்தது FIRA, அதாவது வெளிநாட்டுப் பணம் வந்ததற்கு வங்கி கொடுக்கும் அத்தாட்சி. அதில் அனுப்பியவர் பெயர், டாலர் தொகை, மாற்று விகிதத்தோடு நோக்கக் குறியீடு ஒன்றும் இருக்கும். மென்பொருள் ஆலோசனைக்கு P0802. ஜெர்மன் கிளையண்ட் ஒருமுறை தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்பியதால், என் வங்கியில் யாரோ P1301 என்று போட்டுவிட்டார்கள். அது வெளிநாடு வாழ் இந்தியர் குடும்பச் செலவுக்கு அனுப்பும் பணத்துக்கான குறியீடு. காகிதப்படி பார்த்தால் அந்த மாதம் நான் எதையும் ஏற்றுமதி செய்யவில்லை, யாரோ உறவினர் செலவுக்குக் காசு அனுப்பியிருக்கிறார்!

இது கண்ணில் பட்டதே ஜி.எஸ்.டி. ரீஃபண்டுக்குத் தாள் சேர்க்கும்போதுதான். பகிர்வு அலுவலகத்துக்கு மாதம் 8,000 வாடகையும் அதன்மேல் 1,440 ஜி.எஸ்.டி.யும் கட்டுகிறேன். ஏற்றுமதிக்கு வரி வசூலிக்காததால், அந்த 1,440-ஐ RFD-01 படிவம் போட்டுத் திரும்பக் கேட்கலாம். (லேப்டாப்பை மூலதனப் பொருளாகக் கணக்கில் எடுத்திருந்தால் அதன் ஜி.எஸ்.டி. இந்த ரீஃபண்டில் சேராது.) அதற்கு ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் நேராக எந்த FIRA என்று பட்டியல் கொடுக்க வேண்டும். கிளை அலுவலகத்தில் பழைய குறியீட்டை மாற்ற முடியாது என்று கைவிரித்தார்கள். அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு ஒப்பந்தம், இன்வாய்ஸ், இன்ன கணக்கிலிருந்து இன்ன இன்வாய்ஸுக்குத்தான் அனுப்பினேன் என்ற கிளையண்டின் மின்னஞ்சல் மூன்றையும் இணைத்துக் கடிதம் கொடுத்த பிறகு, திருத்திய FIRA வந்தது. இப்போது பணம் ஏறிய அன்றே குறியீட்டைப் பார்த்துவிடுகிறேன்.

பேமெண்ட் தளங்கள் வழியாக வாங்குபவர்களுக்கு இந்தத் தாள் இன்னும் முக்கியம். அவர்கள் வங்கிக் கணக்கில் வந்து விழுவது ரூபாய், பெரும்பாலும் உள்நாட்டுப் பரிமாற்றம் போலவே தெரியும். அது டாலராகத்தான் நாட்டுக்குள் வந்தது என்பதற்கு அந்தத் தளம் தரும் FIRA-தான் முக்கியமான சாட்சி.

என் கணினியில் ஒவ்வொரு இன்வாய்ஸ் எண்ணுக்கும் ஒரு ஃபோல்டர். உள்ளே இன்வாய்ஸ், வேலையை ஒப்புக்கொண்ட மின்னஞ்சல், ஸ்விஃப்ட் நகல், FIRA, வங்கி அறிக்கையில் அந்தப் பணம் ஏறிய பக்கம். ஒப்பந்தமும் அந்தந்த ஆண்டின் எல்.யு.டி.யும் தனியாக. 44ADA-வில் கணக்குப் புத்தகம் வேண்டாம் என்பது உண்மைதான், ஜி.எஸ்.டி. சட்டம் அந்தச் சலுகையைத் தரவில்லை. ஆண்டு ரிட்டர்னுக்கான கெடு நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. இன்வாய்ஸ் தேதியிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்குள் பணம் வராவிட்டால், எல்.யு.டி.யால் கட்டாமல் விட்ட ஜி.எஸ்.டி.யை வட்டியோடு கட்ட வேண்டிவரும் என்பதால், நிலுவையில் இருப்பவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டியிருக்கிறேன்.