முப்பத்தைந்து பேருக்கு ஒரு காட்சி

சிறிய ஊர் தியேட்டர் ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். 380 இருக்கை, ஒரே திரை, தினம் நான்கு காட்சி. வார நாட்களில் காலைக் காட்சி ஈயாடும். அப்போதெல்லாம் ஆபரேட்டர் கேட்பார்: “பதினாலு பேர்தான் சார், ஏ.சி. போடவா?”

ஆள் குறைந்த காட்சியை ஓட்டுவதா, நிறுத்துவதா என்ற முழுக் கணக்கையும் அந்தக் கேள்வியில் இருந்துதான் பிடிக்க வேண்டும்.

சம்பளம், கட்டட வாடகை, மின்சாரத்தின் டிமாண்ட் கட்டணம், புரொஜெக்டர் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் சுமார் 3 லட்சம். டிமாண்ட் கட்டணம் உயரழுத்த இணைப்புக்கு உரியது. ஒப்பந்தம் செய்த அளவில் 90 சதவீதத்துக்காவது கட்டியே தீர வேண்டும், அரங்கைப் பூட்டி வைத்தாலும் சரி. மாதத்தின் 120 காட்சிக்குப் பிரித்தால் காட்சிக்கு 2,500 ரூபாய். ஓட்டினால் மட்டும் ஆகிற செலவு தனி: மூன்று மணி நேரத்துக்கு ஏறக்குறைய 120 யூனிட், புரொஜெக்டர் விளக்கின் தேய்மானம். இது 1,200. அதில் பெரும்பகுதியை ஏ.சி.யே தின்றுவிடும்.

ஆக ஒரு காட்சிக்கு 3,700. முதலாளி பார்ப்பது இந்த எண்ணைத்தான்.

பங்குப் படம் ஒன்றின் இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். விநியோகஸ்தருக்குப் பாதிப் பங்கு. ஒரு டிக்கெட்டில் வரி போக 80 ரூபாய் என்று வைத்தால், நமக்கு 40. முப்பத்தைந்து பேர் வந்தால் 1,400. “2,300 நஷ்டம், காட்சியை நிறுத்துப்பா” என்றார் முதலாளி. நிறுத்தினால் மிச்சமாவது 1,200 மட்டுமே, போவது 1,400. அந்த 2,500 எங்கேயும் போகாது. மற்ற காட்சிகளின் தலையில் ஏறும். மாதம் முழுக்கக் காலைக் காட்சியை எடுத்துவிட்டால் மீதி 90 காட்சிக்குத் தலா 3,333 விழும். அப்போது மதியக் காட்சியும் நஷ்டமாகத் தெரியும், அதையும் நிறுத்தத் தோன்றும்.

அதனால் பங்குப் படத்துக்கு என் கோடு முப்பது பேர். கேண்டீனில் ஆளுக்கு இருபது ரூபாய் நின்றால் இருபது பேரே போதும். மொத்த வாடகை கொடுத்து எடுத்த படமென்றால் கதை வேறு. பணம் முன்பே போய்விட்டது, டிக்கெட்டின் 80 ரூபாயும் நமக்கே. பதினைந்து பேர் வந்தாலே கரண்ட் செலவு வந்துவிடும். அதிக வாடகை கொடுத்த படத்துக்குத்தான் காட்சிகளைக் குறைக்கக் கூடாது என்பது பலருக்குத் தலைகீழாகத் தெரிகிறது.

எந்தக் காட்சியை எடுப்பது என்பதிலும் வித்தியாசம் உண்டு. காலைக் காட்சிக்கு முன்பு அரங்கைக் குளிர வைக்கவே கூடுதல் யூனிட் ஓடும், அதை நிறுத்தினால் நல்ல மிச்சம். நடுவில் ஒன்றை நிறுத்தினால் அரங்கு சூடேறி, அடுத்த காட்சிக்கு முன் மறுபடி ஏ.சி. இழுக்கும்.

ஏ.சி. போடாமல் ஓட்டும் யோசனையை மட்டும் நான் ஏற்பதில்லை. வேர்த்துப்போய் வெளியே வரும் பதினாலு பேரும் ஊருக்குள் பேசுவார்கள். வார நாள் காலைக் காட்சி பெரும்பாலும் என் கோட்டைத் தொடுவதில்லை. அதனால் இப்போது திங்கள் முதல் வியாழன் வரை, பங்குப் படத்துக்கு இரண்டாம் வாரத்தில் இருந்து காலைக் காட்சி இல்லை என்று விநியோகஸ்தரிடம் முன்கூட்டியே பேசிவிடுகிறோம். போஸ்டரிலும் மூன்று காட்சி என்றே ஒட்டுகிறோம்.