மேலாளருக்கு அனுப்பிய முத்தங்கள்

ஸ்பெயினில் வலென்சியாவுக்கு வந்த மூன்றாம் மாதம் என் மேலாளருக்கு முத்தம் கொடுத்தேன். நேரில் இல்லை, வாட்ஸ்அப்பில். காய்ச்சல், நாளைக்கு வரமுடியாது என்று எழுதிவிட்டுக் கடைசியில் ‘பெசோஸ்’ என்று போட்டேன். ‘முத்தங்கள்’ என்று அர்த்தம். அவருக்கு ஐம்பது வயது, பெரிய மீசை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று பதில் எழுதி, ‘உன் அப்ராசோ’ என்று முடித்திருந்தார். ஒரு தழுவல். (இங்கே ‘உன்’ என்றால் ‘ஒரு’, இதுவே எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது.)

என்மேல் மட்டும் தப்பில்லை. மகளின் வகுப்புக் குழுவில் அம்மாக்கள் தொலைந்துபோன ஸ்வெட்டரைப் பற்றி எழுதினாலும் பெசோஸ்தான். அவசரமென்றால் உயிரெழுத்தை விழுங்கிவிட்டு மூன்று எழுத்தில் முத்தம். வீட்டுக்கார அம்மா தண்ணீர் பில் அனுப்பும்போதும் அதேதான். நம் ‘இப்படிக்கு’ மாதிரி என்று நினைத்துவிட்டேன்.

மறுவாரம் காபி குடிக்கையில் கூட வேலைபார்க்கும் பெண் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: நேரில் பார்த்தால் என்ன செய்வாயோ அதையே எழுது. கைகுலுக்குகிற ஆளுக்கு ‘உன் சலூடோ’, வெறும் வணக்கம். முதுகில் தட்டிக் கட்டிக்கொள்கிற ஆளுக்கு அப்ராசோ. கன்னத்தோடு கன்னம் வைக்கிற பழக்கம் இருந்தால் பெசோஸ். பெண்கள் தங்களுக்குள்ளும் ஆண் நண்பர்களுக்கும் தாராளமாக எழுதுவார்கள். ஆண் ஆணுக்கு எழுதுவது பெரும்பாலும் அப்பா, மகன், அண்ணன் தம்பிக்குள். சந்தேகமிருந்தால் எதிராளி எந்தப் படியில் நிற்கிறாரோ அங்கேயே நில்.

ஏறுவது பிரச்சினையே இல்லை, இறக்கும்போதுதான் வலிக்கிறது. கோடை விடுமுறைத் தேதிக்காக ஒருநாள் மேலாளரோடு கொஞ்சம் உரசல். அன்று மாலை வந்த மின்னஞ்சலில் கோபமாக ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் ஒரு வருஷமாக வந்துகொண்டிருந்த அப்ராசோ போய், ‘சலூடோஸ்’ என்று இருந்தது. ராத்திரி ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நாலு நாள் கழித்து அப்ராசோ திரும்பி வந்தபிறகுதான் நிம்மதி.

விடுதியில் படித்த காலத்தில் அப்பா எழுதிய இன்லேண்ட் லெட்டர் எல்லாம் ‘இப்படிக்கு, உன் அப்பா’ என்றுதான் முடியும். அதற்குக் கீழே, எந்த அப்பா என்று எனக்குக் குழப்பம் வந்துவிடுமோ என்னவோ, பேங்கில் போடுவதுபோல இனிஷியலோடு முழுக் கையெழுத்து. சண்டை போட்ட மாதத்திலும் அதே கையெழுத்து, அதே இனிஷியல். மடிப்போரத்தில் அம்மா பென்சிலில் ‘எண்ணெய் தேய்த்துக் குளி’ என்று நுழைத்திருப்பாள்.

இப்போது எனக்கு எல்லாம் அத்துப்படி. யாருக்கு எது என்று யோசிக்காமலே விரல் போடுகிறது. போன வாரம் சித்தப்பாவுக்குக் கண் ஆபரேஷன். விசாரித்து எழுதிவிட்டு, பழக்கதோஷத்தில் ‘ஒரு தழுவல்’ என்று அடித்துவிட்டேன். அழித்தேன். ‘அன்புடன்’ என்று போட்டேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது, அதையும் அழித்தேன். கடைசியில் ‘சரி சித்தப்பா’ என்று அனுப்பினேன்.

‘ம்’ என்று பதில் வந்தது.