60 கிலோவோல்ற்றில் அந்தக் கோடு வருமா?

எங்கள் ஏ.எல். வகுப்பில் பௌதிகவியல் சேர் ஒருநாள் கரும்பலகையில் ஒரு மேடு வரைந்தார். எக்ஸ் கதிர்க் குழாயிலிருந்து வரும் கதிரின் நிறமாலை அது, கிடை அச்சில் அலைநீளம். இடப்பக்கம் ஓரிடத்தில் சட்டென்று தொடங்கி மேலே போய், வலப்பக்கம் மெல்ல இறங்கும். மேட்டின் மேல் இரண்டு ஊசிமுனைகள். வரைந்து முடித்துவிட்டுக் கேட்டார்: "இலக்கு டங்ஸ்டன். குழாய்க்கு 60 கிலோவோல்ற் குடுக்கிறம். டங்ஸ்டனின்ர முக்கியமான கோடு 59 கிலோ இலத்திரன்வோல்ற். அது வருமோ, வராதோ?"

வரும் என்று முழு வகுப்பும் சொன்னது. 59 தானே வேண்டும், 60 இருக்கிறதே!

வராது என்றார் சேர். முதலில் மேட்டை விளக்கினார். பறந்து வரும் இலத்திரனை டங்ஸ்டன் அணுவின் கரு இழுத்து வளைத்து வேகத்தைக் குறைக்கிறது. இழந்த சக்தி கதிராகிறது. பெரும்பாலான இலத்திரன்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழக்கும், அதிலும் 99 வீதம் வெறும் வெப்பமாகவே போய்விடும். எந்த அளவும் இழக்கலாம் என்பதால் இடைவெளி இல்லாத தொடர் மேடு கிடைக்கிறது. ஆனால் அபூர்வமாக ஓர் இலத்திரன் தன்னிடமுள்ள அத்தனையையும் ஒரே போட்டோனாகக் கொடுத்துவிடும். அதற்கு மேல் கொடுக்க அதனிடம் எதுவும் இல்லை. அந்த மிகக் குறுகிய அலைநீளத்தில்தான் மேடு தொடங்குகிறது:

λ = hc/eV

1240ஐ கிலோவோல்ற்றால் வகுத்தால் விடை பிக்கோமீற்றரில் வரும் என்று சுருக்கியும் தந்தார். 60க்கு 20.7. டங்ஸ்டனோ மொலிப்டினமோ, இலக்கு எதுவானாலும் இந்த ஓரம் மாறாது. குழாய் மின்னோட்டத்தைக் கூட்டினால் மேடு உயருமே தவிர, ஓரம் அசையாது. ஓரத்தைத் தீர்மானிப்பது மின்னழுத்தம் மட்டும்தான்.

ஊசிமுனைகளின் கதை வேறு. வந்து மோதும் இலத்திரன், அணுவின் உள் ஓடான கே ஓட்டிலிருந்து ஓர் இலத்திரனை வெளியே தள்ள வேண்டும். டங்ஸ்டனில் அதற்கு 69.5 கிலோ இலத்திரன்வோல்ற் தேவை. அப்புறம் அந்த வெற்றிடத்துக்கு எல் ஓட்டிலிருந்து ஒன்று இறங்கும். எல் ஓட்டிலேயே ஏறக்குறைய 10 அளவு பிணைப்பு இருப்பதால் வெளிவருவது மிச்சமுள்ள 59தான். கோட்டின் சக்தி 59 என்றாலும், அதைப் பெற 69.5 கட்ட வேண்டும். 60 போதாது.

பல வருடம் கழித்து ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் கதிரியக்கப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே அந்தத் தொடர் மேட்டுக்கு பிரெம்ஸ்ட்ராலுங் என்று பெயர். பிரெம்சே என்றால் பிரேக். பிரேக் பிடிக்கும்போது எழும் கதிர்! சேர் அரைமணி நேரம் விளக்கியது ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தது.

ஒருநாள் புதிதாக வந்த இளம் சகா, டங்ஸ்டன் குழாய் ஒன்றை 60 கிலோவோல்ற்றில் ஓட்டி, உணரியால் நிறமாலை எடுத்திருந்தார். இதில் கிடை அச்சில் சக்தி என்பதால், சேரின் படத்தில் மேடு தொடங்கிய ஓரம் இங்கே மேடு முடியும் ஓரம். மேடு 60இல் முடியாமல் 85 வரை வால் நீட்டியிருந்தது. மின்னாக்கி அழுத்தத்தைக் கூடுதலாகக் கொடுக்கிறது, நிறுவனத்தை அழைப்போம் என்றார். எனக்கு அந்தக் கரும்பலகை நினைவுக்கு வந்தது. அழுத்தம் உண்மையிலேயே 85 என்றால் 59இல் ஊசிமுனை நிமிர்ந்து நிற்க வேண்டும். படத்தில் அப்படி ஒன்றுமே இல்லை, மொட்டையான மேடுதான்.

சரி, மின்னோட்டத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைப்போம் என்றேன். உணரியின் முன்னால் இன்னும் சிறிய துளையும் வைத்தோம். வால் மறைந்தது, ஓரம் 60இல் வந்து நின்றது. மின்னோட்டத்தோடு ஓரம் நகர்ந்தால் அது குழாயின் வேலை அல்ல. கதிர் மிகுந்த வேகத்தில் வந்து குவியும்போது, அடுத்தடுத்து விழும் இரண்டு போட்டோன்களை உணரி பிரித்தறிய முடியாமல், இரண்டின் சக்தியையும் கூட்டி ஒன்றாகப் பதிந்துவிடுகிறது. 40உம் 45உம் சேர்ந்து 85 ஆனது அப்படித்தான்.

அந்தப் பிள்ளைக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. அதே குறைந்த மின்னோட்டத்தில் 80 கிலோவோல்ற்றுக்கு ஏற்றச் சொன்னேன். ஓரம் 80க்கு, அதாவது 15.5 பிக்கோமீற்றருக்கு நகர்ந்தது. 59இலும் 67இலும் சேர் வரைந்த ஊசிமுனைகள் திரையில் மெல்ல எழும்பி வந்தன.