திருத்துவதற்கு முன் ஒரு பட்டியல்

குமரி மாவட்டத்தின் எல்லைப் பகுதி வரலாற்றை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருந்தார். அறுநூறு பக்கத்துக்கு மேல் இருக்கும். களியக்காவிளைக்கு இரண்டு பக்கமும் அலைந்து ஆவணங்கள் சேர்த்தவர். பிரதி கைக்கு வந்ததும் நான் திருத்தத் தொடங்கவில்லை. முதலில் ஒரு அத்தியாயம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என்று எதையும் மாற்றாமல் வாசித்தேன். ஒரே பெயர் இரண்டு விதமாக வந்த இடத்தையெல்லாம் பக்க எண்ணோடு தனித் தாளில் குறித்துக்கொண்டே போனேன். எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்ற முடிவுகளைத் தொகுத்து வைக்கும் நடைத்தாளாக அந்தத் தாள்தான் வளரும்.

முதல் வரியே திருவிதாங்கூர். சில பக்கங்களில் அது திருவாங்கூர் என்றிருந்தது. பேச்சில் இரண்டும் உண்டு. புத்தகத்துக்கு ஒன்று போதும். பிறகு தேடி மாற்றிக்கொள்ளலாமே என்று பலரும் சொல்வார்கள். தமிழில் அது அவ்வளவு லேசில்லை. ‘திருவாங்கூர்’ என்று புள்ளியோடு தேடினால் ‘திருவாங்கூரில்’, ‘திருவாங்கூரை’ எதுவும் சிக்காது. வேற்றுமை உருபு சேரும்போது கடைசி எழுத்தே மாறிவிடுகிறதே. ‘திருவாங்கூ’ என்பதோடு நிறுத்தித் தேடி, ‘திருவிதாங்கூ’ என்று மாற்றினால் எல்லா உருபும் தானாகவே ஒட்டிக்கொண்டு வரும். அதனால் நடைத்தாளில் ஏற்ற வடிவம், விலக்கிய வடிவம் இவற்றோடு ‘எதுவரை தேடுவது’ என்று மூன்றாவது நெடுவரிசையும் வைத்திருக்கிறேன்.

அதிலும் கவனம் வேண்டும். நாஞ்சில்நாடு என்று சேர்த்தே எழுதுவதென்று முடிவு செய்தோம். ‘நாஞ்சில் நா’ என்று தேடி மொத்தமாக மாற்றினால், பிரதியில் ஓரிடத்தில் வரும் எழுத்தாளர் நாஞ்சில் நாடனின் பெயரும் சேர்ந்துகொள்ளும். அவர் தம் பெயரைப் பிரித்தே எழுதுகிறார். ஆகவே விதிக்குப் பக்கத்திலேயே விலக்கையும் எழுதினேன்: ஆட்பெயர் அவரவர் எழுதும்படி, மேற்கோள் மூலத்தில் உள்ளபடி.

அடுத்து இணைப்புக்கோடு. 1956-இல், 1956-ல், 1956இல், 1956ம் ஆண்டு, 1956-ஆம் ஆண்டு என்று எல்லா வகையும் இருந்தன. கோடு போட்டால் பக்க வடிவமைப்பில் ‘1956-’ ஒரு வரியிலும் ‘இல்’ அடுத்த வரியிலும் போய் விழும். உடையாத கோடு போட்டு அதைத் தடுக்கலாம்தான். ஆனால் எண் வரும் ஒவ்வொரு இடத்திலும் அதை யாராவது நினைவு வைத்துப் போட வேண்டும். எனவே எண்ணுக்குப் பின் கோடே வேண்டாம், 1956இல், 1956ஆம் என்று வைத்தேன். இணைப்புக்கோடு இரண்டு பெயர் சேர்ந்து ஒன்றாகும் இடத்துக்கு மட்டும்: திருவிதாங்கூர்-கொச்சி. 1949 ஜூலையில் இரண்டு சமஸ்தானங்களும் இணைந்து உருவான மாநிலத்தின் பெயர் அது. அங்கே கோடு பெயரின் பகுதி. 1949–56 போன்ற கால அளவுக்கு நீளக் கோடு. இப்படி ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரே வேலை என்றானால் அச்சுப்படி பார்ப்பவருக்குச் சந்தேகம் வராது.

தேடலால் தீரவே தீராத ஒன்றும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. ஆசிரியர் சில இடங்களில் தமிழ்நாடு என்றே எழுதியிருந்தார். தொலைபேசியில் கேட்டேன்.

“சார், 1969இல்தானே தமிழ்நாடுன்னு பேர் மாறிச்சு? அதுக்கு முன்னால சென்னை மாநிலம்னு போட்டுடலாமா?”

“போராட்டத்துல நாங்க தமிழ்நாடுன்னுதானே கேட்டோம் தம்பி” என்றார்.

அவர் சொன்னது நியாயம். அரசைக் குறிக்கும்போது 1969 ஜனவரி 14 வரை சென்னை மாநிலம், மக்களின் கோரிக்கையைக் குறிக்கும்போது தமிழ்நாடு என்று நடைத்தாளில் பிரித்து எழுதினோம். ஒவ்வொரு இடத்தையும் கண்ணால் வாசித்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஆசிரியரிடம் இதைத் திருத்தத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பாதிப் புத்தகம் திருத்திய பிறகு கேட்டால் முடிந்த பக்கங்களுக்கெல்லாம் மறுபடி திரும்ப வேண்டிவரும்.

தமிழ்ப் பகுதியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துப் பேச்சே இல்லை. பின்னிணைப்பில் இருந்த ஆங்கில நூற்பட்டியலில்தான் அது வந்தது. நூலகக் குறிப்புகளிலிருந்து எடுத்ததால் சில தலைப்புகள் முழுக்கப் பெரிய எழுத்தில், சிலவற்றில் முதல் சொல்லுக்கு மட்டும். எல்லாத் தலைப்பிலும் முக்கியச் சொற்களுக்குப் பெரிய எழுத்து, இடையில் வரும் சிறு சொற்களுக்குச் சிறிய எழுத்து என்று ஒழுங்குபடுத்தினேன். எழுத்தின் அளவை நம் விருப்பத்துக்கு மாற்றலாம். தலைப்பில் உள்ள ஊர்ப்பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றக் கூடாது. மாற்றினால் வாசகர் நூலகத்தில் அந்த நூலைத் தேடும்போது கிடைக்காது.

நடைத்தாள் நாலு பக்கத்தில் அடங்கியது. ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே முதல் அத்தியாயத்தைத் தொட்டேன். வேலை நடக்கும்போது புதிய சொல் வந்தால் அன்றைய தேதியோடு அடியில் சேர்த்தேன். கடைசியில் பிரதியோடு சேர்த்து அந்தத் தாளையும் அச்சுப்படி திருத்துபவருக்கு அனுப்பினேன்.