பன்னிரண்டு மாத அறிக்கைகளும் ஒரு விரிதாளும்

சந்தாக்களுக்கு ஆண்டுக்கு எவ்வளவு போகிறது என்று மனைவி கேட்டபோது, "அறுநூறு, எழுநூறு வெள்ளி இருக்கும்" என்றேன். அவள் நம்பவில்லை. அந்தச் சனிக்கிழமை தேநீர்க் கோப்பையோடு மேசையில் உட்கார்ந்தேன்; எழுந்தபோது மாலையாகிவிட்டது.

முதலில் கடந்த மாத அறிக்கையை மட்டும் பார்த்தேன். அது வீண் வேலை. ஆண்டுக்கு ஒருமுறை பிடிக்கப்படுபவை அதில் வராது. வங்கிச் செயலியில் தெரியும் பட்டியலோ சில மாதங்களோடு நின்றுவிட்டது. ஆகவே வங்கிக் கணக்கு, கடன் அட்டை இரண்டுக்கும் பன்னிரண்டு மாத மின்-அறிக்கைகளை இறக்கி, எல்லா வரிகளையும் ஒரே விரிதாளில் சேர்த்தேன்.

அடுத்தது களையெடுப்பு. ஜைரோ வழியாகப் போகும் நகர மன்றக் கட்டணம், சொத்து வரி, காப்புறுதிச் சந்தா ஆகியவற்றைத் தனியே ஒதுக்கினேன். அவை கடமைகள், 'பயன்படுத்தினேனா' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

மீதியைத் தொகை வாரியாக அடுக்கியது என் பிழை. ஒரே தொகை மாதந்தோறும் திரும்பினால் அது சந்தா என்று எண்ணியிருந்தேன். மனைவியின் வடிவமைப்பு மென்பொருளுக்கு அமெரிக்க டாலரில் கட்டணம். மாற்று விகிதமும் அட்டையின் வெளிநாட்டுக் கட்டணமும் சேர்ந்து ஒரு மாதம் 14.30 வெள்ளி, இன்னொரு மாதம் 15.10 என்று அலைந்தது. தொகையை வைத்துத் தேடினால் அது சிக்காது. பெறுபவரின் பெயர் வாரியாக அடுக்கியதும் பன்னிரண்டு வரிகளும் வரிசையாக நின்றன. இத்தகையவற்றுக்குப் பெருக்கல் உதவாது, உள்ளதைக் கூட்டுவதே சரி.

பெருக்கும்போதும் ஒரு பள்ளம் உண்டு. என் உடற்பயிற்சிக்கூடம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 38 வெள்ளி பிடிக்கிறது. மாதம் 76, ஆண்டுக்கு 912 என்றுதான் மனக்கணக்கு வைத்திருந்தேன். ஆனால் ஆண்டுக்கு 26 தவணைகள்; இரண்டு மாதங்களில் மூன்று முறை பிடித்திருந்தார்கள். மொத்தம் 988.

சில செலவுகள் அறிக்கையிலேயே பெயர் காட்டுவதில்லை. கைபேசியின் செயலிக் கடை மாதம் 23.94 வெள்ளி என்று ஒரே வரியாக வந்தது. கைபேசியின் சந்தாப் பக்கத்தைத் திறந்தால் உள்ளே மூன்று: மேகச் சேமிப்பகம், மொழி கற்கும் செயலி, படத்தொகுப்புச் செயலி. முதலாவது தேவை. மற்ற இரண்டையும் கைபேசியிலிருந்து எப்போதோ நீக்கிவிட்டேன். செயலியை நீக்கினால் சந்தா நிற்காது என்பது அன்றுதான் உறைத்தது. அவை இரண்டுக்கும் ஆண்டுக்கு 239.52. தொலைபேசிக் கட்டணமும் அப்படித்தான். பில்லைப் பிரித்துப் படித்தபோது, விற்றுவிட்ட கைபேசிக்கு மாதம் 9 வெள்ளி காப்புறுதி ஓடிக்கொண்டிருந்தது.

ஆண்டுக்கு ஒருமுறை வருபவை இரண்டு: தூக்கியெறிந்த மடிக்கணினியின் வைரஸ் தடுப்பு மென்பொருள் 89, மனைவி தொடங்காத துணைப்பாட வகுப்புக்கு வாங்கிய இணையதளப் பெயர் 32. அம்மாவின் தமிழ்ச் சேனல்களுக்கு 154.80, அதில் கைவைக்க யாருக்கும் துணிவில்லை.

மொத்தம் 1,834.70 வெள்ளி. நான் சொன்னதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

பயனற்ற பங்கு எவ்வளவு? இங்கேதான் சண்டை வந்தது. உடற்பயிற்சிக்கூடத்தை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் 468.52, அதாவது மொத்தத்தில் கால் பங்குதான். அதையும் சேர்த்தால் 1,456.52, ஏறக்குறைய 79 விழுக்காடு. "நான் போகிறேனே" என்றேன். வருகைப் பதிவில் ஆண்டு முழுவதற்கும் 14 நாள்கள். ஒரு நாளுக்கு 70 வெள்ளிக்கு மேல்! "இந்தக் காசுக்கு ஒருவரை வீட்டுக்கே வரவழைத்து உங்களை ஓடவைத்திருக்கலாம்" என்றாள். பயனற்றவை என்ற பத்தியில் அவளே அதை எழுதினாள்.

அட்டையை முடக்கிவிட்டால் எளிது என்று முதலில் நினைத்தேன். உடற்பயிற்சிக்கூடத்தின் ஒப்பந்தத்தைப் படித்த பிறகு கைவிட்டேன். பணம் பிடிப்பதை நிறுத்துவது வேறு, ஒப்பந்தத்தை முடிப்பது வேறு. ஜைரோவை நிறுத்தினாலும் கட்டணம் நிலுவையாக ஏறிக்கொண்டே போகும். முப்பது நாள் முன்னறிவிப்பை எழுத்தில் கொடுத்து, பதில் மின்னஞ்சலைச் சேமித்து வைத்தேன். அதன் பிறகும் இரண்டு தவணைகள் போயின, முறைப்படிதான். செயலிகளும் காப்புறுதியும் அன்றே நின்றன. வைரஸ் தடுப்பின் தானியங்கிப் புதுப்பிப்பையும் அணைத்தேன்.

இணையதளப் பெயரை மட்டும் ரத்து செய்ய அவள் விடவில்லை. அடுத்த ஜூனில் வகுப்பு தொடங்குவாளாம். விரிதாளில் அந்த 32 வெள்ளிக்கென்று 'முடிவாகவில்லை' என ஒரு தனிப் பத்தி போட்டிருக்கிறேன்.