ஆலோசனை கேட்டு வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்? ஒரு டீ டேஸ்டிங் உதாரணம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளராக இருக்கும் பெண், படித்தது வேதியியல். டேஸ்டராக வரவேண்டும் என்பது அவர் எண்ணம். குன்னூரில் ஏலத் தரகு நிறுவனத்தில் பல வருஷம் ருசி பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரை, தெரிந்தவர் மூலம் போய்ப் பார்த்தார். ஒரு மணி நேரப் பேச்சில் சார் சொன்னது முக்கியமாக ஒரே வேலைதான்: "டெய்லி உங்க ஃபேக்டரி டீயை நீயே ருசிச்சு மார்க் போடும்மா. அப்புறம் அதே இன்வாய்ஸ் ஏலத்துல என்ன விலைக்குப் போச்சுன்னு பக்கத்துல எழுது." இன்வாய்ஸ் என்று இந்தத் தொழிலில் சொல்வது, ஒரே எண்ணில் ஏலத்துக்குப் போகும் ஒரு தொகுதி டீயை.

இந்த இடத்துக்குப் பிறகுதான் பலருக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. நன்றி சொல்லாததால் அல்ல. நன்றி எல்லோருமே சொல்லிவிடுகிறார்கள். சொன்ன வேலையை நாம் செய்தோமா இல்லையா என்பது அவருக்குத் தெரியவே வழியில்லாமல் போவதுதான் காரணம்.

முதல் செய்தி அன்றைக்கு இரவோ மறுநாளோ போகவேண்டும். இதைச் சுருக்கமாக முடிக்கலாம்: பேசியதில் எதை எடுத்துக்கொண்டோம், எப்போது தொடங்குகிறோம், அவ்வளவுதான். "சார், இன்னைக்கு நேரம் ஒதுக்கினதுக்கு ரொம்ப நன்றி. திங்கள்கிழமையிலிருந்து பி.டி. டஸ்ட் கிரேடு மட்டும் எடுத்து ருசிச்சு நோட்டுல எழுதப்போறேன். முதல் ஏல விலை வந்ததும் ஒப்பிட்டு உங்களுக்கு அனுப்பறேன்." இதில் கேள்வி இல்லை, பதில் எழுதவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை. ஆனால் அடுத்து நாம் எழுதும்போது ஏன் எழுதுகிறோம் என்ற காரணம் இதிலேயே பதிவாகிவிடுகிறது.

அடுத்தது எப்போது? இரண்டு வாரம், ஒரு மாதம் என்று நாள்காட்டியைப் பார்த்து அனுப்புவது வழக்கம். இந்த வேலையில் அது சரிப்படாது. ஃபேக்டரியிலிருந்து சரக்கு கிளம்பி, தரகர் சாம்பிள் எடுத்து ருசித்து, பட்டியலில் ஏறி, ஏலத்தில் விற்றுத் தீர சில வாரம் பிடிக்கும். அதற்கு முன்னால் எழுதினால் "செஞ்சுட்டு இருக்கேன் சார்" என்பதைத் தவிர சொல்ல ஒன்றும் இருக்காது. அதற்குப் பெரியவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறந்துவிடுவார். கையில் முடிவு வந்த நாள்தான் எழுதவேண்டிய நாள். ஒன்று கவனிக்கலாம்: குன்னூர் ஏலம் வியாழனும் வெள்ளியும். ஓய்வுபெற்றவர்கள் பலர் பழக்கத்தில் இன்னும் அந்த இரண்டு நாளும் விலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சனிக்கிழமை காலை எழுதினால் விலையும் மனதில் புதிதாக இருக்கும், பேச நேரமும் இருக்கும்.

இரண்டாவது செய்திதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். அதனால் அதை விரிவாகப் பார்க்கலாம்.

அந்தப் பெண் எட்டு இன்வாய்ஸ்களை எடுத்துக்கொண்டார். எல்லாம் ஒரே கிரேடு, ஒரே ஏலத்தில் விற்றவை. இது முக்கியம். வாரத்துக்கு வாரம் சந்தை ஏறி இறங்கும், லீஃப் என்னும் இலை ரகமும் டஸ்ட் என்னும் தூள் ரகமும் ஒன்றாக நகராது. அதனால் விலையை நேரடியாக மார்க்கோடு ஒப்பிட முடியாது. எட்டில் எது முதல், எது கடைசி என்று தன் வரிசையையும் விலை வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஐந்து பொருந்தியது. மூன்று தவறு. தவறிய மூன்றுமே மூடுபனி அடர்ந்திருந்த நாட்களில் ருசித்தவை என்பது தேதியைப் பார்த்ததும் தெரிந்தது. வெளிச்சம் மங்கினால் கோப்பையில் நிறமும் பளபளப்பும் குறைந்து தெரியும். டேஸ்டிங் அறைக்கு வடக்கு வெளிச்சம் தேடி ஜன்னல் வைப்பதும் அதனால்தான்.

அவர் அனுப்பியது இது:

"வணக்கம் சார். கோத்தகிரி ஃபேக்டரி, தரக்கட்டுப்பாடு. நீங்க சொன்னபடி எட்டு பி.டி. இன்வாய்ஸ் ருசிச்சு விலையோட ஒப்பிட்டேன். அஞ்சு சரியா வந்துச்சு. தப்பின மூணும் பனி மூடின நாள். நல்ல டீயைக்கூட 'டல்'னு எழுதியிருக்கேன். நோட்டுப் பக்கம் ஒண்ணு அனுப்பியிருக்கேன். அந்த மாதிரி நாள்ல ருசிக்காம விடணுமா, இல்லை வேற வழி இருக்கா சார்?"

முதல் வரியில் தான் யார் என்று சொல்லிவிடுகிறார். பெரியவர் நம் எண்ணைச் சேமித்திருப்பார் என்று நம்பி எழுதக்கூடாது. தோற்ற மூன்றை மறைக்கவில்லை. அனுபவசாலிக்குப் பேச இடம் கொடுப்பதே அந்த மூன்றுதான், எட்டும் சரி என்று எழுதியிருந்தால் சந்தோஷம் என்று சொல்லி முடித்திருப்பார். கேள்வி ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியது. படமும் ஒரே பக்கம், பகல் வெளிச்சத்தில் எடுத்தது. எக்செல் ஃபைலை அனுப்பியிருந்தால் ஃபோனில் திறக்கவே மாட்டார்.

பதில் குரல் செய்தியாக வந்தது. "விடாதம்மா. நல்லா தெரிஞ்ச ஒரு டீயை டப்பாவுல காத்துப் படாம மூடி வை. டெய்லி வரிசையில அதையே முதல் கப்பா போடு. அதுவே மங்கலா தெரிஞ்சா வெளிச்சம்தான் காரணம், டீ இல்லை."

இப்போது மூன்றாவது செய்திக்கான விஷயம் தானாகவே கிடைத்துவிட்டது. அந்த ஒப்பீட்டுக் கோப்பையை வைத்து அடுத்த ஏலத்தில் என்ன ஆனது என்பதுதான் அது. தொடர்பு இப்படித்தான் நீள்கிறது, போன பதிலிலிருந்து அடுத்த செய்தி முளைக்கவேண்டும். தினமும் காலை வணக்கப் படம் அனுப்பித் தொடர்பைக் காப்பாற்றுவதாக நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் செய்தியை அவர் திறந்து பார்ப்பதை நிறுத்திவிடுவார், பிறகு உண்மையான விஷயம் போனாலும் அந்தக் குவியலில் மூழ்கிவிடும்.

சில நேரம் சொன்னபடி செய்யவே முடியாது. இலையை நொதிக்கவிடும் நேரத்தை மாற்ற மேனேஜர் விடமாட்டார், சோதனைக் கோப்பை வாங்கித் தரமாட்டார்கள். அப்போது மௌனமாகிவிடுவதுதான் பெரிய தவறு. எது நடக்கவில்லை, அதற்குப் பதில் எதைச் செய்தோம் என்று இரண்டு வரி போதும்: "டேஸ்டிங் கோப்பை கிடைக்கலை சார். ஒரே அளவுள்ள வெள்ளைக் கோப்பை வாங்கி, நூறு மில்லிக்கு ரெண்டு கிராம், ஆறு நிமிஷம்னு எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போடறேன்." அளவும் நேரமும் மாறாதவரை ஒப்பீடு நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். மலையில் தண்ணீர் 100 டிகிரிக்கு முன்பே, ஏறக்குறைய 94 டிகிரியில் கொதித்துவிடுகிறது. அதுவும் எல்லாக் கோப்பைக்கும் ஒன்றுதான் என்பதால் கவலையில்லை.

பதிலே வராவிட்டால்? மறுநாள் "பார்த்தீங்களா சார்" என்று கேட்கவேண்டாம். அடுத்த ஏல முடிவு வரும்வரை பொறுத்து, கேள்வி இல்லாத ஒரு செய்தி அனுப்பலாம். அதற்கும் மௌனம் என்றால் இடைவெளியை மூன்று மாதமாக்கிக்கொள்ளலாம். உடம்பு, வீட்டு விசேஷம், பேரப்பிள்ளைகள் என்று அவருக்கு ஆயிரம் இருக்கும்.

வேலை வாங்கித் தரச் சொல்லி இந்தச் சங்கிலியின் நடுவில் கேட்பது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். அவரே வாய்திறந்து "இன்னாரைப் போய்ப் பாரு" என்று சொன்னால், போய்ப் பார்த்த அன்றே அவருக்குச் சொல்லவேண்டும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். தன் பெயரைச் சொல்லி அனுப்பியவருக்கு அங்கே என்ன நடந்தது என்று அடுத்தவர் வாயிலாகத் தெரியவரக்கூடாது.